மாதம் 95 டாலர், தீயணைப்பான் இலவசம்

மசாலாக் கம்பெனிக்காரர் ஹோட்டலுக்குப் போனால் பையிலிருந்து நாலு பொட்டலம் எடுத்துக் கல்லாவில் வைப்பார். டைல்ஸ்காரர் கையகலத் துண்டுகளை அட்டையில் ஒட்டிக்கொண்டு வருவார். துணி ஏஜெண்டிடம் பல் பல்லாகக் கத்தரித்த துண்டுகளைக் கோத்த புத்தகம் இருக்கும். சாம்பிள் என்றால் அது கைப்பையில் அடங்க வேண்டும். வியாபாரத்தின் ஆதி விதிகளில் இதுவும் ஒன்று.

1960-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்திலிருந்து ஒரு கம்பெனி, தன்னிடம் ஏற்கெனவே சரக்கு வாங்கிக்கொண்டிருந்த ஆபீஸ்களுக்குப் புதுச் சரக்கை அறிமுகப்படுத்தக் கிளம்பியது. அதன் சாம்பிளின் எடை 648 பவுண்டு, அதாவது 294 கிலோ. நாலு மூட்டை அரிசி. அது அவ்வப்போது புகையும் என்பது கூடுதல் சிறப்பு.

அந்தக் கம்பெனியின் பெயர் ஹாலாய்ட். 1906-ல் தொடங்கி, ஃபோட்டோ தாள் செய்து பிழைத்தது. அதே ஊரில்தான் கோடாக்கும் இருந்தது. யானை லாயத்துக்கு அடுத்த மனையில் வாழைத்தோப்பு போட்டவனின் நிம்மதி எப்படி இருக்குமோ அப்படித்தான் ஹாலாய்டின் நிம்மதியும். 1946-ல் தலைவர் நாற்காலிக்கு வந்த ஜோ வில்சன், யானை திரும்பிப் பார்ப்பதற்குள் வேறு பயிர் போட்டுவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார்.

பயிர் வேறொருவர் கையில் இருந்தது. செஸ்டர் கார்ல்சன் என்ற காப்புரிமை அலுவலர். ஆவணங்களை நகலெடுத்து நகலெடுத்துக் கை நோவும் மூட்டு வலியும் சேர்ந்துகொள்ள, இதற்கொரு வழி கண்டுபிடித்தே தீருவது என்று வீட்டுச் சமையலறையில் கந்தகத்தை உருக்கத் தொடங்கினார். அழுகிய முட்டை நாற்றம் அக்கம்பக்கத்தை எட்டியதும் நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் தனியாக ஓர் அறை பிடித்தார். 1938 அக்டோபர் 22 அன்று அவரும் உதவியாளர் ஓட்டோ கோர்னியும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்தார்கள். அதில் மின்னேற்றம் ஏறியது. தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடியை மேலே வைத்து விளக்கைக் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் போயிற்று, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கியது. தூளைத் தூவி ஊதினால் எழுத்து மட்டும் தூளாக நின்றது. அதை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார்கள். உலகின் முதல் ஜெராக்ஸ் தயார். கோர்னி இதில் எதிர்காலமில்லை என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளும் அப்படியே நினைத்தன. ஐபிஎம் உட்பட எல்லாரும் கார்ல்சனுக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுத்திருப்பார்கள், பணம்தான் கொடுக்கவில்லை. கடைசியில் பேட்டல் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1944-ல் கைகொடுத்தது. அதன் வழியாகத்தான் சமாசாரம் வில்சன் மடியில் வந்து விழுந்தது.

ஹாலாய்டின் முதல் அறிமுகம் படுதோல்வி. அதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் கதைக்கு உப்பிருக்காது.

1949-ல் மாடல் ஏ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பெட்டி மாதிரி இருந்ததால் உள்ளுக்குள்ளேயே அதை மாட்டுப்பெட்டி என்று பொருள்படும்படி கூப்பிட்டார்கள். ஒரு நகலெடுக்க ஏறத்தாழ நாற்பது படிகள். தகட்டை எடு, மின்னேற்று, கேமராவில் சொருகு, வெளிச்சம் காட்டு, தட்டில் வைத்துத் தூளைக் குலுக்கு, தாளை வை, மறுபடி மின்னேற்று, தாளை உரி, அடுப்பில் வாட்டு, தகட்டைத் துடை. மூன்று நிமிடம் ஓடிவிடும், அதுவும் கைப்பழக்கம் வந்தவனுக்கு. சாமிக்கு அபிஷேகம் செய்கிற சிரத்தையோடு செய்தால்தான் எழுத்து வரும். சில கம்பெனிகளுக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். டைப்பிஸ்ட் மறுபடி அடித்தே முடித்திருப்பாள் என்று அவை மரியாதையாகத் திருப்பி அனுப்பின.

சாம்பிள் கொடுப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். சரக்கு சுமாராக இருந்தால், காசு வாங்காமலே அதை வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிடுகிறோம். ஆனால் திரும்பி வந்த பெட்டியோடு ஒரு செய்தியும் வந்தது. ஆஃப்செட் அச்சுக்குத் தேவையான தாள் மாஸ்டர் செய்ய இந்த மாட்டுப்பெட்டி பிரமாதமாக உதவும், மற்ற வழிகளைவிட மலிவாகவும் ஆகும் என்பதே அது. ஹாலாய்டுக்கு மூச்சு வந்தது. அடுத்த பத்து வருடம் அச்சுப் பிரிவு வைத்திருந்த பெரிய ஆபீஸ்களுக்கு இதை விற்றும் வாடகைக்கு விட்டும் கம்பெனி காலம் தள்ளியது. 914 என்ற அந்த 294 கிலோ சரக்கு வந்தபோது கதவைத் தட்டுவதற்கு ஆபீஸ்கள் இருந்ததற்குக் காரணம் இந்தத் தோல்விதான்.

அந்த ஆபீஸ்களில் அப்போது நகலெடுக்க என்ன இருந்தது? கார்பன் தாள் இருந்தது. அதை மூன்றாவது தாளுக்குக் கீழே வைத்தால் எழுத்து ஆவியாகிவிடும். சைக்ளோஸ்டைல் இருந்தது. ஸ்டென்சில் வெட்டி, மை ஊற்றி, கைப்பிடி சுற்ற வேண்டும், பத்துப் பிரதிக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. அந்த மையோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், சட்டையில் பட்டால் சட்டையைத்தான் மாற்ற வேண்டும். இவை இரண்டும் புதிதாக அடிப்பதற்கானவை. ஏற்கெனவே கையில் இருக்கும் கடிதத்தை நகலெடுக்க இரண்டு மேஜை இயந்திரங்கள் வந்திருந்தன. கோடாக்கின் வெரிஃபாக்ஸ் ஈரமாக வேலை செய்யும், நகல் நனைந்துபோய் வெளியே வரும், ரசாயன வாடை அடிக்கும். 3எம்-மின் தெர்மோஃபாக்ஸ் சூட்டால் வேலை செய்யும். கார்பன் கலந்த மை சூட்டை உறிஞ்சுவதால், அதைத் தொட்டிருக்கும் சிறப்புத் தாள் அந்த இடத்தில் மட்டும் கருக்கும். அதனால் டைப் அடித்த வரிகள் நன்றாக விழும். நீல பால்பாயிண்டில் போட்ட கையெழுத்தோ சூட்டை உறிஞ்சாது, நகலில் விழாது. ஒப்பந்தம் இருக்கும், ஒப்பம் இருக்காது. வந்த நகலும் நாளாக நாளாகச் சுருண்டு, அப்பளம் போலப் பழுப்பேறும்.

ஆனால் இவற்றிடம் ஒரு பெரிய நல்ல குணம் இருந்தது, விலை. இயந்திரம் முன்னூறு முன்னூற்றைம்பது டாலருக்குக் கிடைத்தது. சவரத்தகடு வியாபாரம் மாதிரி இயந்திரத்தை மலிவாகத் தள்ளிவிட்டுத் தாளில் காசு பார்ப்பார்கள்.

ஹாலாய்டின் 914 எப்படி? 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாள் வரை நகலெடுக்கும் என்பதால் அந்தப் பெயர். சாதாரணத் தாளே போதும். நிமிடத்துக்கு ஏழு நகல். பொத்தானை அழுத்தினால் போதும், அபிஷேகமெல்லாம் உள்ளேயே நடந்துவிடும். செலினியம் பூசிய உருளை சுழலும், தூள் ஒட்டும், தாளுக்கு மாறும், சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும். உருளையில் மிச்சமிருக்கும் தூளைத் துடைக்க எந்த மயிர் ஒத்துவரும் என்று பல பிராணிகளின் தோலைச் சோதித்து, கடைசியில் ஆஸ்திரேலிய முயல் தோலில் வந்து நின்றார்கள். விண்வெளி யுகத்து இயந்திரத்தின் நடுவில் ஒரு முயல்.

தொல்லை சூடாக்கும் இடத்தில் இருந்தது. தாள் அங்கே சிக்கிக்கொண்டால் கருகும், கவனிக்காவிட்டால் எரியும். கம்பெனி என்ன செய்தது? இயந்திரத்தோடு சிறிய தீயணைப்பான் ஒன்றையும் கொடுத்தது. தீயணைப்பான் என்று சொன்னால் வாங்குகிறவர் யோசிப்பார் என்று அதற்குக் ‘கருகல் நீக்கி’ என்ற பொருளில் நாகரிகமான பெயர் சூட்டியது. விளம்பரத் துறையின் வரலாற்றில் இதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கலாம். நுகர்வோர் உரிமைக்காரர் ரால்ஃப் நேடர், தன் ஆபீஸ் 914 நாலு மாதத்தில் மூன்று தடவை தீப்பிடித்தது என்று புகார் சொன்னார். சண்டைக்காரர் வீட்டில்தான் சாமானும் சரியாகச் சதி செய்யும். 1959 செப்டம்பர் 16 அன்று நியூயார்க்கின் ஷெர்ரி நெதர்லாண்ட் ஹோட்டலில் முதல் பொதுக் காட்சி நடந்தபோதும், வைத்த இரண்டில் ஒன்று புகைந்ததாகச் சொல்வார்கள். இரண்டு கொண்டுபோன புத்திசாலி யாரென்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் முன்பே வில்சன் பயந்து, தயாரிப்பை ஐபிஎம்மிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டுப் பார்த்திருந்தார். ஐபிஎம், ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்தை வைத்து ஆராய்ந்தது. அவர்கள் உழைத்து எழுதிய அறிக்கையின் சாரம், ஆபீஸ் நகல் சந்தையில் 914-க்கு எதிர்காலமில்லை என்பது. அவர்களைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன், ஏனென்றால் கணக்கு சரி. அன்று ஓர் ஆபீஸ் நாளொன்றுக்கு எடுத்த நகல் பதினைந்து இருபது. அதற்கு, செய்யவே ஏறத்தாழ 2,000 டாலர் ஆகும் இயந்திரத்தை எவன் வாங்குவான்? தொட்டிலுக்குத் தேர்வடம் கட்டிய கதைதான்.

விலைப்பட்டியலில் 914-ன் விலை 27,500 டாலர். அதைப் பார்த்தவுடன் மயக்கம் வர வேண்டும் என்பதற்காகவே போட்டது போலிருக்கும். கூடவே சொன்ன வாடகைத் திட்டம்தான் ஹாலாய்டின் நிஜமான அறிமுக விலை. மாதம் 95 டாலர். அதற்குள் 2,000 நகல் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு நகலுக்கும் 4 சென்ட். பழுது பார்ப்பு கம்பெனி பொறுப்பு. பிடிக்கவில்லை என்றால் 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடலாம்.

ஒரு பழைய வாடிக்கையாளர் ஆபீஸில் இது எப்படி நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன். அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசியிருப்பார்கள், நம் வசதிக்குத் தமிழில் வைத்துக்கொள்வோம். வக்கீல் ஆபீஸ். பத்து வருடமாக ஹாலாய்ட் தாள் வாங்கும் மேனேஜர். எதிரே விற்பனைப் பையன், கையில் சாம்பிள் இல்லை.

“என்னப்பா, வெறுங்கையோட வந்திருக்க?”

“சாம்பிள் கொண்டுவர லாரி வேணும் சார். நீங்க ஊங்கிற ஒரு வார்த்தை சொன்னா மெஷினே வந்து இறங்கும்.”

“எங்களுக்கு நாளைக்குப் பதினஞ்சு நகல். தெர்மோஃபாக்ஸ் போதும்.”

மேனேஜர் பென்சிலை எடுக்கிறார். நாளுக்கு 15, மாதம் 22 வேலை நாள், ஆக 330 நகல். 95 டாலரை 330-ஆல் வகுத்தால் ஒரு நகல் கிட்டத்தட்ட 29 சென்ட். அவர் பென்சிலை வைக்கிறார். பையனை அனுப்பிவிட அது போதும். ஆலோசகர்களும் இந்த இடத்தில்தான் அறிக்கையை மூடினார்கள்.

பையன் சாமர்த்தியசாலியாக இருந்தால் பென்சிலைத் தன் பக்கம் திருப்பியிருப்பான். “330-ல ஏன் சார் நிக்கிறீங்க? 2,000 வரைக்கும் அதே 95 தானே? முழுசா ஓட்டினா நகல் ஒண்ணு 4.75 சென்ட்.” மேஜை இயந்திரத்தின் சிறப்புத் தாளும் வேலையாள் நேரமும் சேர்ந்து நகலொன்றுக்குப் 10 சென்ட் விழுகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 950-ஆவது நகலில் இரண்டும் சமம். நாளுக்கு 44 எடுக்கிற ஆபீஸுக்கு 914 நஷ்டமில்லை. அதற்குக் கீழே எடுப்பவர் வாங்கக் கூடாது. நேர்மையான விற்பனையாளர் அந்த வாசலைத் தட்டவும் கூடாது.

“அவ்வளவு எடுக்க மாட்டோம்பா.”

“எடுக்காட்டி பதினஞ்சு நாள்ல சொல்லுங்க சார், நானே தூக்கிட்டுப் போறேன்.”

294 கிலோவைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்கிறவனிடம் என்ன வாதாடுவது? மேனேஜர் சரி என்கிறார். மாடல் ஏ-வைத் திருப்பி அனுப்பிய அதே உரிமை. முன்பு கம்பெனி தயக்கத்தோடு அனுமதித்ததை இப்போது விலைப்பட்டியலிலேயே அச்சடித்து வைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ரிஸ்க் முழுவதும் ராச்செஸ்டர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு இயந்திரமும் ஏறத்தாழ 2,000 டாலரை முன்னதாக விழுங்கிவிட்டு யாரோ ஒருவர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் 330-லேயே நின்றுவிட்டால், வாடகை மட்டும் அந்தக் காசைத் திருப்ப 21 மாதம் ஆகும், அதற்குள் எத்தனை முயல்தோல் தேய்ந்திருக்கும்! அதனால்தான் உள்ளே ஒரு மீட்டர் பொருத்தினார்கள். வாடிக்கையாளர் பார்த்தது 95-ஐ. வில்சன் பார்த்துக்கொண்டிருந்தது அந்த 4 சென்டை.

இறங்கிய மறுநாள் என்ன ஆகும்? டைப்பிஸ்ட் ஒரு கடிதத்தை நகலெடுப்பாள். கையெழுத்தும் விழுகிறது. தாள் காய்ந்திருக்கிறது. எது அசல் என்று தெரியவில்லை. பெரிய கறுப்புப் பரப்பு இருந்தால் மட்டும் நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும், ஃபோட்டோவுக்கு ஆகாது, அது அந்தக் காலத் தூள் பூசும் முறையின் குறை. எழுத்துக்கு ஒரு குறையுமில்லை. மூன்றாம் நாள் யாரோ நகலையே நகலெடுப்பார்கள். ஐந்தாம் நாள் ஒரு குறிப்பை ஏழு பேருக்குச் சுற்றுக்கு விடாமல் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுப்பார்கள். அதுவரை அந்த ஏழு பேருக்கும் அது தேவையென்றே தெரியாது. பத்தாம் நாள் சமையல் குறிப்பு, பையனின் பள்ளிக் கணக்கு, கோவில் நோட்டீஸுக்கு இணையான ஏதோ ஒன்று. வெறுமனே கையை வைத்து நகலெடுத்துப் பார்க்காத ஆபீஸ் உலகத்தில் இல்லை, கையோடு நிறுத்திக்கொண்டதா என்பது வேறு விஷயம்.

நகல் எண்ணிக்கை சராசரியாக நாளொன்றுக்கு 2,000-ஐ எட்டியது என்று பின்னால் இதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விலைத்திட்டம் மாதத்துக்கு என்று வைத்திருந்த எண்ணிக்கை அது! மறுபடி பென்சிலை எடுப்போம். 22 நாளுக்கு 44,000 நகல். அதில் 2,000 அடக்கம், பாக்கி 42,000. தலா 4 சென்ட் என்றால் 1,680 டாலர், வாடகை 95, ஆக 1,775. இயந்திரம் செய்த செலவு ஒன்றேகால் மாதத்துக்குள் வசூல். நிமிடத்துக்கு ஏழு வீதம் 2,000 எடுக்க நாலே முக்கால் மணி நேரம் ஆகும், அதாவது ஆபீஸ் நேரத்தில் பாதிக்கு மேல் அந்த முயல் ஓய்ந்திருக்கவில்லை. ஆலோசகர்கள் எண்ணியது அன்று எடுக்கப்பட்ட நகல்களை. எடுக்க முடியாமல் போன நகல்களை எந்த ஆபீஸிலும் கணக்கெழுதி வைத்திருக்கவில்லை, கேட்டால் யாருக்கும் சொல்லவும் தெரிந்திருக்காது.

சாம்பிளைத் தூக்கிக்கொண்டு போக முடியாத குறையைத் தொலைக்காட்சி தீர்த்தது. ஒரு சின்னப் பெண் அப்பாவின் கடிதத்தை நகலெடுத்து, கூடவே தன் துணிப்பொம்மையையும் நகலெடுத்துக்கொண்டு வருகிறாள். எது அசல் என்று அப்பா கேட்கிறார், அவளுக்கு மறந்துபோகிறது. குழந்தைகூட இயக்கும் என்பது சேதி. இது பொய், குழந்தையால் முடியாது என்று ஒரு போட்டியாளர் அரசாங்கத்தின் வணிக ஆணையத்தில் புகார் கொடுத்தார். கம்பெனிக்கு வீம்பு வந்தது. அடுத்த விளம்பரத்தில் ஒரு சிம்பன்சியை நகலெடுக்க விட்டது. போட்டியாளர் வாயடைத்துப் போனார். ஆனால் மறுநாள் ஆபீஸ்களில் 914-ஐ இயக்கும் பெண்கள் மேஜையில் வாழைப்பழம் இருந்தது. வைத்தவர்கள் சக ஊழியர்கள். புகார்கள் குவிய, கம்பெனி அந்த விளம்பரத்தைக் கைகழுவியது. வாடிக்கையாளர் ஆபீஸில் இயந்திரத்தைத் தொடுகிறவள் அவள்தான், காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் மட்டுமில்லை என்பதை ஒரு சீப்பு வாழைப்பழம் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

1959-ல் சுமார் 3.3 கோடி டாலராக இருந்த வருமானம் 1966-ல் 50 கோடியைத் தாண்டியது. ஹாலாய்ட் 1958-லேயே ஹாலாய்ட் ஜெராக்ஸ் ஆகியிருந்தது, 1961-ல் முன்பாதியையும் உதறிவிட்டு வெறும் ஜெராக்ஸ் ஆனது. ஆலோசனை நிறுவனம் அறிக்கைக்கான கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

கம்பெனிக்கு இதில் ஒரேயொரு மனக்குறை. தன் பெயரை யாரும் நகலெடுக்கும் செயலுக்குப் பொதுப்பெயராகச் சொல்லக் கூடாது என்று வக்கீல்களை வைத்து வருடக்கணக்கில் உலகத்துக்குக் கடிதம் எழுதியது. எங்கள் தெருமுனைக் கடைக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. பலகையில் கொட்டை எழுத்தில் ‘ஜெராக்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஓடுவது ஒரு ஜப்பானியக் கம்பெனியின் இயந்திரம். போன வாரம் ஆதார் அட்டையை நீட்டி, “ரெண்டு ஜெராக்ஸ் குடுங்கண்ணா” என்றேன். “முன்னும் பின்னுமா?” என்று கேட்டார். இயந்திரம் முனகியது. கருகல் நாற்றம் வருகிறதா என்று என்னையறியாமல் மோந்து பார்த்தேன். “அஞ்சு ரூபா” என்றார்.